வார்டுக்குப் போகும் முன் ஹெபடைடிஸ் பி: சின்ன வயதில் போட்ட ஊசி இப்போதும் செல்லுமா?

வைகறை | 2024 நவம்பர் 6

பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு. ஜனவரியில் எங்களை வார்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்றும் "ஆன்டிபாடி ரிப்போர்ட்டும்" தர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. நான் 2006இல் பிறந்தவள். குழந்தை மருத்துவர் கொடுத்த பழைய அட்டையை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். அதில் மூன்று தவணையும் தேதியோடு, முத்திரையோடு இருக்கின்றன. ஊர் ஆய்வகத்தில் "ஹெபடைடிஸ் பி டெஸ்ட்" என்று கேட்டு இரத்தம் கொடுத்தேன். எச்பிஎஸ்ஏஜி, நான்-ரியாக்டிவ் என்று வந்தது. அட்டையும் இந்த ரிப்போர்ட்டும் போதாதா? விடுதியில் பாதிப் பேர் இதே தாளைத்தான் வைத்திருக்கிறார்கள்.

குருதிச்சாலை | 2024 நவம்பர் 6

போதாது. ஆய்வகத்தில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் கையில் வைத்திருப்பது வேறு கேள்விக்கான பதில். எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது இல்லை என்றால் உங்கள் இரத்தத்தில் இப்போது தொற்று தெரியவில்லை என்று பொருள். பாதுகாப்பு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஒரு ஊசிகூடப் போடாதவருக்கும் அதே நான்-ரியாக்டிவ் வரும்.

நீங்கள் கேட்க வேண்டியது ஆன்டி எச்பிஎஸ் டைட்டர், அதாவது அந்தப் புரதத்துக்கு எதிராக உடம்பில் உண்டான ஆன்டிபாடியின் அளவு. "டைட்டர்" என்ற சொல்லை விடாமல் சொல்லுங்கள். சில இடங்களில் கோடு விழும் அட்டைச் சோதனையைச் செய்து "பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதித் தருவார்கள். உங்களுக்கு எண் வேண்டும்.

மருந்துக்கடை | 2024 நவம்பர் 7

எதற்கு இவ்வளவு சுற்று? ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பூஸ்டர் போட வேண்டும். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது என்றால் பழையது காலாவதி. புதிதாக மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். பெரியவர் அளவு 20 மைக்ரோகிராம், தோளில். என் கடையில் நர்சிங் மாணவிகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

தொற்றுத்தடுப்பு மதுரை | 2024 நவம்பர் 7

மருந்துக்கடை ஐயா சொன்ன 0, 1, 6 மாதம் சரி. தோள் சரி. "காலாவதி" என்பதுதான் சரியில்லை.

நான் ஒரு மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புச் செவிலியர். ஒவ்வொரு வருடமும் உன் வயதுப் பிள்ளைகள் இதே குழப்பத்தோடு வருகிறார்கள், தங்கச்சி. குழந்தையில் மூன்று தவணை ஒழுங்காகப் போட்டவர்களுக்குப் பதினெட்டு வயதில் ஆன்டிபாடி அளவு தேய்ந்துபோயிருப்பது சகஜம். ஆனால் அளவு தேய்வதும் நினைவு அழிவதும் ஒன்றல்ல. அந்த மூன்று ஊசியும் பழக்கிவிட்ட நினைவுச் செல்கள் உடம்பில் இருக்கும். வைரஸ் உள்ளே வந்தால், நோய் முற்றுவதற்குள் அவை மறுபடி ஆன்டிபாடியை உற்பத்தி செய்துவிடும். இந்த நோய் மெதுவாகத்தான் தலைகாட்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அந்த மெத்தனம் நமக்குச் சாதகம்.

நீ முதலில் டைட்டர் பார். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் அட்டையோடு சேர்த்துக் கொடு, வேலை முடிந்தது. 10க்குக் கீழே வந்தால் ஒரே ஒரு ஊசி போட்டுக்கொள். ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மறுபடி டைட்டர் பார். ஏறியிருந்தால் உன் நினைவு உயிரோடு இருக்கிறது. ஏறாவிட்டால் மட்டும் மீதி இரண்டையும் போட்டுத் தொடரை முடித்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அட்டை இல்லாதவர்களுக்கு இந்தக் குறுக்கு வழி கிடையாது, அவர்கள் முதலிலிருந்து மூன்றும் போட வேண்டும்.

அளவு விஷயத்தில் இன்னொன்று. 20 மைக்ரோகிராம் என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சில மருந்துகளில் 19 வயது வரை 10, சிலவற்றில் அதற்கு முன்பே 20. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படிக்கச் சொல்.

காவிரிக்கரை | 2024 நவம்பர் 8

எங்கள் மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஊசியே போடவில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம், சரியாகிவிட்டது. தங்கைக்கும் அதையே சொல்வேன். வருமுன் காப்பதற்கும் அது நல்லது.

குருதிச்சாலை | 2024 நவம்பர் 8

உங்கள் மாமாவுக்கு வந்தது எந்தக் காமாலை என்று பார்த்தீர்களா? ஏ வகையும் ஈ வகையும் தண்ணீரால் வருபவை. பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் கொடுத்ததற்குப் பெயர் கிடைக்கும்.

கீழாநெல்லியை நான் இகழவில்லை. 1988இல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவினர் பி வகை வைரஸைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் புளும்பெர்க்கின் பெயரும் இருக்கிறது. இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பெற்ற அதே புளும்பெர்க். பெரிய நம்பிக்கை எழுந்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. அதோடு அது சுமப்பவர்களுக்கான சிகிச்சை முயற்சி. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்திய கைக்கு முன்கூட்டியே காவல் தரும் என்று அந்தக் கட்டுரைகூடச் சொல்லவில்லை.

காவிரிக்கரை | 2024 நவம்பர் 8

எந்த வகை என்று பார்க்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன்.

வைகறை | 2024 நவம்பர் 14

டைட்டர் வந்துவிட்டது: 3.4. ரிப்போர்ட்டின் அடியில் "நோய் எதிர்ப்பு இல்லை" என்று அச்சிட்டிருக்கிறார்கள். மதுரை அக்கா முன்பே சொல்லியிருந்தும் அந்த வரியைப் பார்த்ததும் மனம் இறங்கிவிட்டது. அம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "மூன்றும் போட்டேனே, நாள் தவறவில்லையே" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

தொற்றுத்தடுப்பு மதுரை | 2024 நவம்பர் 14

அம்மாவிடம் சொல், அவர் போட்டது வீண்போகவில்லை. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து 3.4 வந்திருந்தால் ஊசி பிடிக்கவில்லை என்று சொல்லலாம். பதினேழு பதினெட்டு வருடம் கழித்து 3.4 வந்தால் அதிலிருந்து அப்படி எதையும் சொல்ல முடியாது. எண் ஒன்றுதான், எப்போது எடுத்தோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிடும். ஆய்வகக் கணினிக்கு உன் ஊசித் தேதி தெரியாது. 10க்குக் கீழே எது வந்தாலும் அந்த வரியை அச்சிடும்.

ஒரு ஊசி போட்டுக்கொள். தேதியை எழுதி வை.

வைகறை | 2024 நவம்பர் 20

18ஆம் தேதி கல்லூரியிலேயே முகாம் வைத்தார்கள், போட்டுக்கொண்டேன். தோள் ஒரு நாள் வலித்தது, அவ்வளவுதான். என் அறைத்தோழியும் அன்றே போட்டாள். அவளிடம் அட்டை இல்லை. தருமபுரிப் பக்கம் ஒரு சிற்றூர். எதைப் போட்டார்கள், எதை விட்டார்கள் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு இது முதல் தவணை.

எங்கள் வயதில் இப்படி இரண்டு விதமாகவும் இருப்பது ஏன்? வகுப்பில் கேட்டால் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அட்டையில் ஹெபடைடிஸ் பி என்ற வரியே இல்லை.

தொற்றுத்தடுப்பு மதுரை | 2024 நவம்பர் 20

நீங்கள் பிறந்த வருடம்தான் காரணம். அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இது ஒரே நாளில் எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை. 2002 வாக்கில் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. 2007-08இல் தமிழ்நாடு உட்படப் பத்து மாநிலங்களுக்கு விரிந்தது. 2011இல்தான் நாடு முழுவதும் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் தனியார் குழந்தை மருத்துவரிடம் காசு கொடுத்துப் போட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைத்திருக்கும். 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்துக் கொண்டுவந்த பிறகு விலை வெகுவாக இறங்கியது. அதற்கு முன் நடுத்தரக் குடும்பத்துக்கும் அது எட்டாத ஊசி. இன்னும் சில வருடங்களில் வகுப்பில் எல்லோரும் அட்டை வைத்திருப்பார்கள், பலருக்கும் உன்னைப் போல 3, 5 என்றுதான் எண் வரும். அப்போது கல்லூரிகள் என்ன செய்யப் போகின்றன என்பதுதான் என் கவலை.

வைகறை | 2024 நவம்பர் 26

உடனே யாராவது பதில் சொல்லுங்கள். 22ஆம் தேதி எல்லோருக்கும் உடற்தகுதிப் பரிசோதனைக்காக இரத்தம் எடுத்தார்கள். இன்று முடிவு வந்தது. அறைத்தோழிக்கு எச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ். அவளைத் தனியாக அழைத்து, வார்டுக்கு அனுப்ப முடியாது, வீட்டாரை வரச் சொல் என்றார்களாம். மதியத்துக்குள் மாடி முழுவதும் தெரிந்துவிட்டது. ஒருத்தி தன் குவளையை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டாள். அறைத்தோழி அழுகையை நிறுத்தவில்லை. நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்டோம், இன்றும் சாப்பிடுவோம். ஆனால் அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

குருதிச்சாலை | 2024 நவம்பர் 26

ஊசி 18ஆம் தேதி, இரத்தம் 22ஆம் தேதி, அப்படித்தானே? ரிப்போர்ட்டில் ரியாக்டிவ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அது என்ன?

வைகறை | 2024 நவம்பர் 26

ஆமாம், அதே தேதிகள்தான். எண் 2.1 என்று இருக்கிறது. 1க்கு மேல் ரியாக்டிவ் என்று கீழே போட்டிருக்கிறார்கள்.

குருதிச்சாலை | 2024 நவம்பர் 26

நான் நினைத்தது போலத்தான் இருக்கிறது. இந்தத் தடுப்பூசியில் இருப்பதே எச்பிஎஸ்ஏஜி புரதம்தான். ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்த வெறும் உறை, உள்ளே வைரஸ் கிடையாது. ஊசி போட்ட பிறகு சில நாட்கள் அந்தப் புரதத்தின் துளி இரத்தத்தில் திரியும். இன்றைய கருவிகள் நுட்பமானவை, அந்தத் துளியையும் பிடித்துவிடும். 18 நாள் வரைகூடப் பிடித்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. இரத்த வங்கியிலும் இதனால்தான், ஊசி போட்டுச் சில வாரம் ஆகாதவரைத் தானத்துக்கு எடுப்பதில்லை. நீண்ட நாளாக வைரஸைச் சுமப்பவருக்கு இந்த எண் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நிற்கும். 2.1 என்பது எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டியது.

இதை வைத்துக்கொண்டு "ஒன்றுமில்லை" என்று நான் முடித்துவிடவும் மாட்டேன். தொற்று மிகத் தொடக்கத்தில் இருந்தாலும் எண் சிறியதாக இருக்கலாம். உறுதிப்படுத்தும் நியூட்ரலைசேஷன் சோதனை செய்யலாம் என்று யாராவது சொன்னால், இந்த இடத்தில் அது உதவாது என்று சொல்லுங்கள். திரிவது உண்மையான புரதமே என்பதால் அந்தச் சோதனையும் ஆமாம் என்றுதான் சொல்லும். கேட்க வேண்டியது ஆன்டி எச்பிசி, டோட்டல். அது வைரஸின் உட்கருவுக்கு எதிராக உண்டாவது. தடுப்பூசியில் உட்கரு இல்லாததால் எத்தனை ஊசி போட்டாலும் அது உண்டாகாது. அது நெகட்டிவ் என்றால், சிறுவயது முதல் சுமந்துவந்தவள் என்ற சந்தேகம் அநேகமாக விலகிவிடும். மிச்சமுள்ள ஐயத்துக்கு எச்பிஎஸ்ஏஜியை ஊசித் தேதியிலிருந்து ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

தொற்றுத்தடுப்பு மதுரை | 2024 நவம்பர் 27

அந்தத் தேதியைச் சரியாகக் கவனியுங்கள். அவளுடைய இரண்டாம் தவணை டிசம்பர் 18. அன்று காலையில் முதலில் இரத்தம், அப்புறம் ஊசி. மாற்றிச் செய்தால் இதே கதை திரும்பவும் நடக்கும். உண்மையில் முதல் தவணைக்கும் இப்படித்தான் செய்திருக்க வேண்டும். முகாமை முதலில் வைத்து, பரிசோதனையை நான்காம் நாள் வைத்தது ஏற்பாட்டின் கோளாறு. அந்தப் பெண் மீது எந்தப் பிழையும் இல்லை.

குவளையைத் தனியே எடுத்து வைத்த பெண்ணிடமும் யாராவது பேசுங்கள். இந்த வைரஸ் இரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவுவது. ஒரே தட்டில் சோறு சாப்பிட்டால் பரவாது. நாளைக்கு இவர்கள் எல்லோரும் உண்மையாகவே பி வகை உள்ள நோயாளிக்குப் படுக்கை விரிக்கப் போகிறவர்கள். அங்கே போய்க் குவளையைத் தள்ளி வைத்தால் அந்த நோயாளி என்ன நினைப்பார்?

ஒருவேளை உண்மையான பாசிட்டிவ் என்றே வந்தாலும் படிப்பு முடிந்துவிடாது. மருத்துவர் கண்காணிப்பில் வைத்துக்கொள்வார், வைரஸ் அளவு பார்ப்பார், தேவைப்பட்டால் மாத்திரை உண்டு. அவளுக்கு இதையும் சொல்லுங்கள். "உனக்கு இருக்காது" என்று மட்டும் தேற்றாதீர்கள்.

ஐசியூ இரவு | 2024 டிசம்பர் 1

இழையை முழுவதும் படித்தேன். எனக்கு வேறு மாதிரி. அரசுப் பணிக்கு வந்தபோது மூன்று தவணையும் ஒழுங்காகப் போட்டேன், தோளில்தான். ஆறு வாரம் கழித்து டைட்டர் 2க்குக் கீழ். மறுபடி மூன்று. மறுபடி 2க்குக் கீழ். அப்போது என் வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, உடல் எடையும் அதிகம். இரண்டும் பலனைக் குறைக்கக்கூடியவை என்றார் மருத்துவர். ஆறு ஊசிக்குப் பிறகும் ஏறாவிட்டால் ஏற்கெனவே தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று எச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி எச்பிசியும் எடுத்தார்கள். இரண்டும் இல்லை. ஆக, தடுப்பூசி பிடிக்காத சிலரில் நானும் ஒருத்தி.

அதோடுதான் ஐசியூவில் வேலை பார்க்கிறேன். ஓர் இரவு பி வகை உள்ள நோயாளிக்குப் போட்ட ஐ.வி. ஊசி என் விரலில் ஏறிவிட்டது. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவினேன். பிதுக்கவில்லை, பிதுக்கக் கூடாது. பணி மருத்துவர் என் கோப்பில் "பலனளிக்கவில்லை" என்ற வரியைப் பார்த்ததால் யோசிக்காமல் இம்யூனோகுளோபுலின் வரவழைத்தார். அது தயாராக எடுத்துவைத்த ஆன்டிபாடி. கிலோவுக்கு 0.06 மில்லிலிட்டர் கணக்கில் அன்றிரவே ஒன்று, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. 24 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது என்பார்கள், ஏழு நாளைத் தாண்டினால் பலன் சந்தேகம். ஆறாம் மாதப் பரிசோதனையில் தொற்று இல்லை.

வைகறை, உன் கல்லூரி கேட்கும் அந்த எண்ணின் பயன் இதுதான். எண் தெரியாமல் இருந்திருந்தால் அன்றிரவு "ஊசி போட்டவர்தானே" என்று என்னை அனுப்பிவைத்திருப்பார்கள்.

மருந்துக்கடை | 2024 டிசம்பர் 2

சிஸ்டர் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. நான் ஊசியைப் பற்றியே சொல்லிக் கொடுத்தேன், பிறகு டைட்டர் பாருங்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. இனிச் சொல்கிறேன். ஆனால் ஐந்து வருட பூஸ்டரை விடமாட்டேன். பல மருத்துவமனைகள் இன்றும் கேட்கின்றன. கேட்கும் இடத்தில் வேலை பார்ப்பவர் போடாமல் என்ன செய்வார்?

தொற்றுத்தடுப்பு மதுரை | 2024 டிசம்பர் 2

கேட்கும் இடத்தில் போட்டுக்கொள்ளட்டும் ஐயா, கெடுதல் ஒன்றும் இல்லை. ஒரு முறை 10ஐத் தாண்டியது பதிவாகியிருக்கும் ஆரோக்கியமானவருக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. சிறுநீரக டயாலிசிஸில் இருப்பவர்கள் கதை வேறு, அவர்களுக்கு வருடந்தோறும் பார்க்க வேண்டும்.

வைகறை | 2024 டிசம்பர் 21

18ஆம் தேதி காலை வெறும் கையோடு போகாமல் இந்த இழையிலிருந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனோம். முதலில் இரத்தம், பிறகு இரண்டாம் தவணை. எச்பிஎஸ்ஏஜி நான்-ரியாக்டிவ், எண் 0.3. ஆன்டி எச்பிசி டோட்டல் நெகட்டிவ். கல்லூரி அலுவலகத்தில் இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பழைய ரிப்போர்ட்டை அவள் கோப்பிலிருந்து எடுப்பார்களா என்று கேட்டோம். எடுக்க முடியாது, புதியதையும் சேர்த்து வைக்கிறோம் என்றார்கள். குவளைப் பெண் நேற்று அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். பேச்சு இன்னும் பழையபடி வரவில்லை.

குருதிச்சாலை | 2024 டிசம்பர் 21

நிம்மதி. பழைய ரிப்போர்ட்டை எடுக்காதது நல்லதே. ஆனால் அதன் மேலேயே "18.11.2024இல் தடுப்பூசி போட்ட நான்காம் நாள் எடுத்த இரத்தம்" என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நான்கு வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு இந்த இழை தெரியாது.

வைகறை | 2025 ஜனவரி 6

என் இரண்டாவது டைட்டர்: 540. ஒரே ஊசியில் 3.4இலிருந்து 540. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது எண் அவருக்குப் புரியவில்லை. "நீங்கள் போட்ட மூன்று ஊசியும் இத்தனை வருடம் உள்ளேயே இருந்திருக்கிறது" என்றேன். அது நன்றாகப் புரிந்தது.

இனி அறைத்தோழியைப் பற்றி. இரண்டு தவணை முடித்திருக்கிறாள், மூன்றாவது மே மாதம். அடுத்த வாரம் வார்டு தொடங்குகிறது. அவளை அனுப்பலாமா?

தொற்றுத்தடுப்பு மதுரை | 2025 ஜனவரி 6

540! உன் அம்மாவுக்கு என் வணக்கம்.

தோழியை அனுப்பலாம், பெரும்பாலான இடங்களில் அனுப்புகிறார்கள். இரண்டு தவணைக்குப் பிறகு ஓரளவு பாதுகாப்பு வந்திருக்கும், ஆனால் அதை நம்பி நிற்கக் கூடாது. முழுத் தொடரும் டைட்டரும் முடியும்வரை அவளைப் பாதுகாப்பு உறுதியாகாதவள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி குத்தினால் அன்றே சொல்ல வேண்டும். நோயாளியின் இரத்தம் பாசிட்டிவ் என்றால் இம்யூனோகுளோபுலினும் கொடுத்து, மீதித் தவணையையும் தொடர்வார்கள். முதல் வருடப் பிள்ளைகள் திட்டு வாங்குவோம் என்று பயந்து குத்திய விஷயத்தையே மறைத்துவிடுகிறார்கள். எனக்கு வைரஸை விட அந்த மௌனம்தான் அதிக பயம். முதல் நாளே வார்டு சிஸ்டரிடம் போய், குத்தினால் யாரிடம் சொல்ல வேண்டும், இரவில் யாரிடம் என்று இருவரும் கேட்டு வையுங்கள்.

நெல்லைப் பயிற்சி | 2025 பிப்ரவரி 17

இழை பழையது ஆனாலும் கேட்கிறேன். எனக்கு ஊரில் ஒரு கிளினிக்கில் இரண்டாம் தவணையை இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்தில் போட்டுவிட்டார்கள். தோளில் போட்டால் கை தூக்க முடியாது என்றார் அங்கிருந்தவர். கணக்கில் சேருமா?

தொற்றுத்தடுப்பு மதுரை | 2025 பிப்ரவரி 17

சேராது. பின்பக்கத்தில் கொழுப்பு அதிகம். மருந்து தசைக்குப் போகாமல் கொழுப்பிலேயே தங்கிவிட்டால் பலன் குறைகிறது. அந்தத் தவணையைத் தோளில் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதே சமயத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருத்திக்கு டைட்டர் ஏறவில்லை என்றால் அவள் உடம்பைப் பார்க்கலாம். ஒரே முகாமில் போட்ட பலருக்குச் சேர்ந்தாற்போல் ஏறவில்லை என்றால் குளிர்சாதனப் பெட்டியைப் பாருங்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெப்பத்தைக்கூடச் சற்றுத் தாங்கும், உறைந்தால் போயிற்று. உறைந்து இளகிய குப்பியைக் குலுக்கி வைத்தால் துகள்கள் சீக்கிரம் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். ஐஸ் தட்டை ஒட்டி மருந்தை வைக்கும் இடங்களை இன்றும் பார்க்கிறேன்.

வைகறை | 2025 ஜூன் 18

தோழியின் மூன்றாம் தவணை மே 18இல் வர வேண்டியது. படிப்பு விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டதால் ஜூன் 16இல்தான் போட்டாள். முகாமில் ஒருவர், தாமதமானதால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். அவள் முகம் வெளுத்துவிட்டது. உண்மையா?

மருந்துக்கடை | 2025 ஜூன் 18

இதற்கு நானே பதில் சொல்வேன். வேண்டாம். தவணை தாமதமானால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சீக்கிரம் போடுவதில்தான் கட்டுப்பாடு: முதலுக்கும் இரண்டுக்கும் நான்கு வாரம், இரண்டுக்கும் மூன்றுக்கும் எட்டு வாரம், முதலுக்கும் மூன்றுக்கும் பதினாறு வாரம் குறைந்தது இடைவெளி வேண்டும். மதுரை சிஸ்டர் சரிபார்க்கட்டும்.

தொற்றுத்தடுப்பு மதுரை | 2025 ஜூன் 18

முழுவதும் சரி ஐயா. டைட்டரை ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் எடுக்கட்டும்.

வைகறை | 2025 ஜூலை 29

தோழிக்கு 38. பத்தைத் தாண்டியாயிற்று. ஆனால் அவளுக்குப் படிப்பு முடிந்ததும் இங்கிலாந்து போக ஆசை. 100 இல்லாவிட்டால் அங்கே ஏற்கமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

லீட்ஸ் இரவுப்பணி | 2025 ஜூலை 30

ஏற்கமாட்டார்கள் என்பது மிகை. இங்கே 100க்கு மேல் இருந்தால் நல்ல பலன் என்பார்கள். 10க்கும் 100க்கும் இடையில் இருந்தால் கூடுதலாக ஒரு தவணை போட்டுவிடுவார்கள், அதன்பின் மறுபடி டைட்டர் பார்க்கவும் தேவையில்லை. நான் வந்தபோது எனக்கு 61. ஒன்று போட்டார்கள், வேலை கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அவள் இப்போதே ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

தொற்றுத்தடுப்பு மதுரை | 2025 ஜூலை 30

அமெரிக்க முறையும் நாங்கள் இங்கே பின்பற்றுவதும் 10. சரியான நேரத்தில் எடுத்த 38 எனக்குப் போதும். போகும்போது அங்கே கேட்டால் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும். இப்போது போடுவதால் அவளுக்கு என்ன கூடுதல் கிடைக்கும்?

லீட்ஸ் இரவுப்பணி | 2025 ஜூலை 30

உயரத்தில் தொடங்கினால் 10க்குக் கீழே இறங்க அதிக காலம் ஆகும். 38 அடுத்த ஆண்டே 10க்குக் கீழே போகலாம். அப்போது எந்த அலுவலகமாவது புதிதாக டைட்டர் கேட்டால் மறுபடி அலைச்சல் அவளுக்குத்தான்.

தொற்றுத்தடுப்பு மதுரை | 2025 ஜூலை 31

அலைச்சலுக்காக என்றால் ஒப்புக்கொள்கிறேன். பாதுகாப்புக்காக என்றால் இல்லை. 38 என்ற தாளைத் தொலைக்காமல் வைத்திருந்தால் பிறகு 6 வந்தாலும் கவலையில்லை.

வைகறை | 2025 ஆகஸ்ட் 3

அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. நான்காம் வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள், எனக்கும் அது சரியாகப் படுகிறது. 38 வந்த தாளை மூன்று நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று ஊசித் தேதியையும் இரத்தம் எடுத்த தேதியையும் எழுதி வைத்தோம்.

இந்த வருடம் வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனையை முகாமுக்கு முன் வைக்க வேண்டும் என்று இருவரும் கையெழுத்திட்டுத் துறைத்தலைவரிடம் மனு கொடுத்திருக்கிறோம். படிவத்தில் டைட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் கடைசி ஊசித் தேதிக்கு ஒரு கட்டம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். பரிசோதனையை முன்னால் வைக்கச் சம்மதித்துவிட்டார். படிவத்தை மாற்றுவது அவர் கையில் இல்லையாம்.

காவிரிக்கரை | 2025 ஆகஸ்ட் 4

மாமாவின் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். ஏ வகை. என் மகள் இந்த வருடம் நர்சிங் சேர்கிறாள். அட்டை இருக்கிறது, ஆனால் மூன்றாம் தவணைக் கட்டம் காலியாக இருக்கிறது. அவளுக்கு ஒன்று போட்டால் போதுமா, மூன்றா?

தொற்றுத்தடுப்பு மதுரை | 2025 ஆகஸ்ட் 4

ஒன்று போட்டால் மூன்று தவணையும் நிறைந்துவிடும், முதலிலிருந்து வேண்டாம். முதலில் இரத்தம் கொடுக்கட்டும், பிறகு ஊசி. அடுத்த ஒன்று இரண்டு மாதத்துக்குள் ஆன்டி எச்பிஎஸ் டைட்டர். எண் வந்ததும் தேதியோடு இங்கே எழுதுங்கள்.